சத்துமாவு விளம்பரத்தில் எதை எழுதலாம்? உணவு, உடல்நலக் கூற்றுகளைச் சட்டத்துக்குள் நின்று எழுதும் முறை

சிறு உணவு நிறுவனங்களுக்கு விளம்பர வாசகம் எழுதப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் வாசகத்தை எழுதிவிட்டு, அது பிடித்துப்போன பிறகு, அதற்கு ஆதாரம் தேடுகிறார்கள். ஆதாரம் கிடைக்காத வாக்கியத்தை நீக்க மனமில்லாமல் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, அடியில் பொடி எழுத்தில் ஏதோ எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தயாராகும் கேழ்வரகுச் சத்துமாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சட்டம் இந்தியா முழுவதற்கும் பொது. நம்மிடம் வந்து சேரும் முதல் வரைவு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"100% இயற்கையான, வீட்டுமுறைப் பாரம்பரிய ஹெல்த் மிக்ஸ். கால்சியமும் புரதமும் நிறைந்தது. வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டுச் சர்க்கரை மட்டுமே; சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம். குழந்தைகளின் உயரத்தையும் ஞாபக சக்தியையும் கூட்டும். ஆறு மாதக் குழந்தை முதல் அறுபது வயதுப் பெரியவர் வரை அனைவருக்கும் ஏற்றது. மருத்துவர்கள் பரிந்துரைப்பது."

இதில் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியத்திலும் சிக்கல் இருக்கிறது. எல்லாம் ஒரே வகைச் சிக்கல் அல்ல என்பதால், எதை எந்த வரிசையில் சோதிப்பது என்பது முக்கியமாகிறது.

1. எழுதும் முன் மேசைக்கு வர வேண்டியவை

மூன்று தாள்கள் கையில் இல்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். முதலாவது, எடைக் கணக்கில் எழுதப்பட்ட சேர்மானப் பட்டியல். இரண்டாவது, விற்கப்படும் அதே மாவுக்கு எடுக்கப்பட்ட ஆய்வக அறிக்கை. மூன்றாவது, பொட்டலத்தின் லேபிள். லேபிளும் விளம்பரமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், புகார் கொடுப்பவருக்கு வேறு ஆதாரமே தேவைப்படாது.

சேர்மானம் எடைக் கணக்கில் வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. "கேழ்வரகு, பொட்டுக்கடலை, பாதாம், நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய்" என்று மட்டும் சொன்னால் பாதாம் எவ்வளவு என்று தெரியாது. படத்தில் மட்டும் பாதாம் குவியல் குவியலாக வந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் 100 கிராம் மாவுக்குக் கேழ்வரகு 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 32, பொட்டுக்கடலை 12, பாதாம் 5, ஏலக்காயும் சுக்கும் சேர்த்து 1 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை இருக்கிறது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

ஆய்வக அறிக்கையின் இடத்தில் இணையத்தில் கிடைத்த கேழ்வரகுச் சத்துப் பட்டியலைக் கொண்டுவந்து வைப்பது மிகவும் பரவலான பிழை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது தானியத்தின் கணக்கு. கேழ்வரகு பாதி மட்டுமே உள்ள மாவில் அந்த எண் பாதியாகிவிடும். சலித்து உமியை நீக்கினால் நார்ச்சத்தும் மாறும். ஆகவே ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து ஏற்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், முடிந்த மாவையே கொடுத்து, 100 கிராமுக்கான அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். மொத்தச் சர்க்கரையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

நம் மாவுக்கு அறிக்கை இப்படி வந்ததாகக் கொள்வோம்: புரதம் 7.4 கிராம், நார்ச்சத்து 7.1 கிராம், கால்சியம் 205 மில்லிகிராம், மொத்தச் சர்க்கரை 29 கிராம். நாட்டுச் சர்க்கரையில் ஈரமும் பிறவும் கலந்திருப்பதால் இது 32ஐவிடக் குறைகிறது. இனி வரும் படிகள் எல்லாவற்றிலும் இந்த எண்கள்தான் பேசும்.

2. எவையெல்லாம் விளம்பரம் என்று முதலில் வரையறுங்கள்

"இது விளம்பரம் இல்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே" என்ற பேச்சை அடிக்கடி கேட்க நேரும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் விளம்பரம் என்பதற்குக் கொடுக்கும் வரையறை மிக அகலமானது. அச்சு, மின்னணு ஊடகம், இணையம் ஆகியவற்றோடு அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், உறை, ஏன், ரசீதையும்கூட அது சேர்த்துக்கொள்கிறது. கடை வாசலில் உள்ள ஃபிளெக்ஸ், ரீல்ஸ் காணொளியில் பேசும் குரல், விற்பனைத் தளத்தில் உள்ள பொருள் விவரம் ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கும்.

இந்தப் படியை இரண்டாவதாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே சட்டத்தின் 53ஆவது பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வெளியிடுபவரோடு நின்றுவிடாமல், வெளியிடுவதில் பங்குகொள்பவரையும் சேர்த்தே 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. "வாடிக்கையாளர் சொன்னதை எழுதினேன்" என்பது வாசகம் எழுதுபவரை முழுமையாகக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எனவே இப்பொருளுக்காக வெளியே போகும் சொற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இறுதியில் அந்தப் பட்டியல் திரும்பத் தேவைப்படும்.

3. முதல் சோதனை: நோயின் பெயர் இருக்கிறதா?

அளவு, அடைமொழி எதையும் பார்க்கும் முன் நோயின் பெயர்களைத் தேடுங்கள். மற்றப் பிழைகளைச் சொல்லை மாற்றித் திருத்தலாம். இந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. வாக்கியத்தையே எடுத்துவிட வேண்டும்.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய், இதய நோய்கள், உயர் இரத்த அழுத்தமும் தாழ் அழுத்தமும், உடல் பருமன், மூட்டு வாதம், பெண்களின் மலட்டுத்தன்மை என்று 54 நோய்களும் நிலைகளும் உள்ளன. "நாங்கள் விற்பது மாவு, மருந்து இல்லையே" என்று உற்பத்தியாளர் கேட்பார். நோயைக் குணப்படுத்தவோ தணிக்கவோ தடுக்கவோ பயன்படும் என்ற நோக்கத்தோடு முன்வைக்கப்படும் எந்தப் பொருளையும் அச்சட்டம் மருந்து என்றே கொள்கிறது. ஆகவே "சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்ற ஒரே ஒரு சொற்றொடர் போதும். அந்த மாவு அதுவரை இருந்த சட்டத்திலிருந்து வேறொரு சட்டத்துக்குள் போய்விடுகிறது. உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 2018ஆம் ஆண்டின் விளம்பரங்கள் மற்றும் கூற்றுகள் ஒழுங்குமுறையும், அனுமதிக்கப்பட்டவை தவிர, நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று உணவுக்குச் சொல்வதைத் தடை செய்கிறது.

அட்டவணையில் புதியவர்கள் கவனிக்காமல் தாண்டிச் செல்லும் ஒரு வரி உண்டு. "ஆளின் உயரம்" என்பதும் அந்த 54இல் ஒன்று. "குழந்தைகளின் உயரத்தைக் கூட்டும்" என்ற வாசகம் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், ஆபத்தில் நீரிழிவு வாசகத்துக்குச் சளைத்தது அல்ல.

"சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம்" என்பது குணப்படுத்துவதாகச் சொல்லவில்லையே என்று வாதாடலாம். சட்டத்தின் எழுத்தைத் தாண்டி இங்கே யோசிக்க வேண்டியது, அந்த வாக்கியத்தை அப்படியே நம்புகிறவருக்கு என்ன நேரும் என்பதுதான். ஒரு வேளைக்கு 30 கிராம் மாவு என்றால் அதில் ஏறத்தாழ 9 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. காலையும் மாலையும் குடித்தால் 17 கிராமுக்கு மேல். நாட்டுச் சர்க்கரை என்பதால் இரத்தத்தில் அது வேறுமாதிரி நடந்துகொள்ளாது. அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். மாத்திரை சாப்பிடும் ஒருவர் உங்கள் வரியை நம்பி இதைப் பழக்கமாக்கிக்கொண்டால், விளைவு அவருடைய பரிசோதனைத் தாளில் தெரியும். இந்த வாக்கியத்துக்குத் திருத்தம் இல்லை, நீக்கிவிடுங்கள்.

"சுகர்", "பி.பி.", "கேன்சர்" என்ற பேச்சுவழக்குச் சொற்களையும், குளுக்கோமீட்டர், இதயத் துடிப்புக் கோடு, மூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் முதியவர் போன்ற படங்களையும் இதே சோதனையில் தேட வேண்டும். சொல்லாமல் படத்தால் சொன்னாலும் கூற்று கூற்றுதான்.

4. இரண்டாம் சோதனை: யாருக்கு என்று சொல்கிறோம்?

இந்த இடத்தில்தான் சத்துமாவு விற்பவர்கள் தம்மை அறியாமலே பெரிய மீறலுக்குள் போகிறார்கள். "ஆறு மாதக் குழந்தை முதல்" என்பது தமிழ் விளம்பரங்களில் அவ்வளவு சகஜமான சொற்றொடர்.

1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுகள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயது வரை தாய்ப்பாலுக்குத் துணையாகக் கொடுக்கத்தக்கது என்று எந்தப் பெயரில் முன்வைக்கப்படும் உணவையும் குழந்தை உணவு என்கிறது. அத்தகைய உணவை விளம்பரம் செய்வதே குற்றம். உண்மையான தகவலைக்கொண்டு செய்தாலும் குற்றம்தான். சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. மற்ற விதிகள் "எப்படிச் சொல்லலாம்" என்று கேட்கின்றன. இது "சொல்லவே கூடாது" என்கிறது. அதனால்தான் அளவுகளைச் சோதிக்கும் முன்பே இதைச் சோதிக்க வேண்டும்.

காரணமும் புரிந்துகொள்ளத்தக்கதே. தாய்ப்பால் குடிக்கும் வயதில் விளம்பரம் பார்த்து எடுக்கும் முடிவு, குழந்தையின் முதன்மை உணவையே குறைத்துவிடக்கூடும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. வயதைக் குறிக்கும் எல்லாச் சொற்களையும் தேடி எடுங்கள். "கைக்குழந்தை", "பாப்பா", "முதல் திட உணவு" போன்றவையும் போக வேண்டும். தவழும் குழந்தையின் படமும் போக வேண்டும். "எந்த வயதுக்கு என்று சொல்லாமல், குழந்தையின் படத்தை மட்டும் போடட்டுமா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். போடக் கூடாது, படம் சொல்வதும் அதே செய்திதான்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை நோக்கி எழுதலாம், ஆனால் வேறு எல்லைகள் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், குழந்தைகளிடம் தம் உடலைப் பற்றிய தாழ்வான எண்ணத்தை வளர்க்கும் விளம்பரத்தையும், அவர்கள் உண்ணும் இயற்கை உணவையோ பாரம்பரிய உணவையோ விட இப்பொருள் மேலானது என்ற தோற்றத்தைத் தரும் விளம்பரத்தையும் ஏற்பதில்லை. "வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் குள்ளப் பையன்" காட்சியும், "இட்லியில் என்ன சத்து இருக்கிறது?" என்ற கேலியும் இதில் அடிபடும். "ஞாபக சக்தியைக் கூட்டும்" என்பதற்கு, இந்த மாவையே கொடுத்து நடத்திய ஆய்வு ஏதும் இல்லையென்றால், அதுவும் நீங்க வேண்டியதே. பாதாமைப் பற்றி வந்த ஆய்வு, 5 கிராம் பாதாம் உள்ள மாவுக்குச் சான்றாகாது.

5. மூன்றாம் சோதனை: அளவைச் சொல்லும் சொற்கள்

இப்போதுதான் எண்களை எடுக்கிறோம். 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு சத்து "உள்ளது" என்பதற்கும் "நிறைந்தது" என்பதற்கும் அது தனித்தனி வாசல் அளவுகளை வைத்திருக்கிறது. தமிழில் எழுதும்போது "நிறைந்தது", "செறிந்தது", "மிகுந்தது", "அள்ளித் தரும்" ஆகிய எல்லாவற்றையும் மேல் அளவுக்கு உரியவை என்றே கொள்ளுங்கள். அழகுக்காகச் சொல்லை மாற்றியதால் வாசல் அளவு மாறாது.

கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். தாது உப்புகளுக்குத் திட உணவில், 100 கிராமில் நாள் தேவையின் 15 விழுக்காடு இருந்தால் "உள்ளது" எனலாம். 30 விழுக்காடு இருந்தால்தான் "நிறைந்தது". 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயதுவந்தோரின் நாள் தேவை 1000 மில்லிகிராம். அப்படியானால் வாசல்கள் 150, 300. நம் மாவில் 205. எனவே "கால்சியம் உள்ளது" என்பது நிற்கும். "கால்சியம் நிறைந்தது" என்பது விழும். தனிக் கேழ்வரகு மாவாக இருந்திருந்தால் 364 என்ற கணக்கில் மேல் வாசலையும் தாண்டியிருக்கும். இணையப் பட்டியலை நம்பி எழுதியவர் எங்கே தவறினார் என்பது இப்போது தெளிவாகும்.

புரதத்துக்கு வாசல்கள் 10, 20 விழுக்காடு. 54 கிராம் நாள் தேவை என்று கொண்டால் 5.4 கிராமும் 10.8 கிராமும். நம்முடையது 7.4, இதுவும் "உள்ளது" மட்டுமே. நார்ச்சத்துக்கு விழுக்காடு இல்லை, நேரடி எடை: 100 கிராமில் 3 கிராம் இருந்தால் உள்ளது, 6 கிராம் இருந்தால் நிறைந்தது. 7.1 கிராம் இருப்பதால் இந்த மாவு "நார்ச்சத்து நிறைந்தது" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். வரைவில் கால்சியத்தையும் புரதத்தையும் மிகைப்படுத்தியவர்கள், உண்மையாகவே சொல்லக்கூடிய இந்த ஒன்றைச் சொல்லவே இல்லை. ஆய்வக அறிக்கையை முதலில் படிப்பதன் பயன் இது. வாசகம் எழுதுபவருக்கு அது கைவிலங்காக மட்டும் இருப்பதில்லை.

அடுத்தது சர்க்கரை. "சர்க்கரை குறைவு" என்று திட உணவுக்குச் சொல்ல 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. "சர்க்கரை இல்லை" என்பதற்கு 0.5 கிராம். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று சொல்ல எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே இதில் சர்க்கரைதான். சர்க்கரைக்கு மாற்றாகப் பேரீச்சை விழுதைச் சேர்த்தாலும் அந்தக் கூற்றுக்கு இடமில்லை.

நம் வரைவில் இருப்பது "வெள்ளைச் சர்க்கரை இல்லை". சொல்லளவில் இது உண்மை. ஆனால் படிப்பவர் மனத்தில் "இதில் சர்க்கரை பற்றிக் கவலையில்லை" என்ற முடிவை ஏற்படுத்துவதற்காகவே அது எழுதப்படுகிறது. அந்த முடிவு பொய். உண்மையான வாக்கியத்தால் பொய்யான முடிவை உண்டாக்குவதும் தவறாக வழிநடத்துவதே என்பது என் கருத்து. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்துவது என்ற வரையறைக்குள் வைக்கிறது. இதைத் தவிர்க்கும் வழி: "நாட்டுச் சர்க்கரை சேர்த்தது (100 கிராமில் 32 கிராம்)" என்று நேராகச் சொல்வது. விற்பனை குறையும் என்று உற்பத்தியாளர் தயங்கினால், சர்க்கரை சேர்க்காத இன்னொரு மாவையும் தயாரிக்கும்படி அவரிடம் சொல்லிப் பாருங்கள். வாசகத்தால் செய்ய முடியாததைச் சேர்மானத்தால் செய்துவிடலாம்.

6. சத்தின் வேலையைச் சொல்லும் வாக்கியம்

"எலும்பை வலுவாக்கும்" என்று பொருளின் மீது ஏற்றிச் சொல்வதற்கும், "எலும்பின் நலத்துக்குக் கால்சியம் தேவை, இம்மாவில் கால்சியம் உள்ளது" என்று சத்தின் மீது ஏற்றிச் சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது, எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட உடலியல் உண்மையையும், ஆய்வகத்தில் அளந்த ஓர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. முதலாவது, இந்த மாவைக் குடித்தவர்களின் எலும்பு வலுவானது என்று நீங்கள் அளந்ததாகச் சொல்கிறது.

சத்தின் வேலையைப் பேச வேண்டுமானால், அந்தச் சத்து "உள்ளது" என்று சொல்லும் அளவையாவது எட்டியிருக்க வேண்டும் என்பதைக் குறைந்தபட்ச நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரளவுக்குச் சேர்த்த ஒரு சிட்டிகை அசுவகந்தாவைப் பற்றி நாலு வரி எழுதுவதை இந்த ஒரு நிபந்தனையே நிறுத்திவிடும்.

நோய் வரும் அபாயத்தைக் குறைக்கும் என்ற வகைக் கூற்றுகளில் சிலவற்றை ஒழுங்குமுறையே அட்டவணையில் தருகிறது. கால்சியமும் எலும்பு நலிவும், சோடியமும் இரத்த அழுத்தமும் போன்றவை அவை. அவற்றுக்கு உரிய நிபந்தனைகளோடும் சொல்லமைப்போடும்தான் பயன்படுத்த வேண்டும். அட்டவணைக்கு வெளியே உள்ளதற்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் முன் அனுமதி தேவை. சிறு நிறுவனங்களுக்கு என் அறிவுரை, இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பதுதான். மனிதர்களிடம் நடத்திய ஆய்வுச் சான்று இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

7. பெயரும் அடைமொழிகளும்

"இயற்கையான" என்ற சொல் எதுவும் சேர்க்காத ஒற்றை உணவுக்கு உரியது. பல பொருள் கலந்த மாவை "இயற்கையான மாவு" என்று சொல்லக் கூடாது; கலந்தவை அனைத்தும் அந்த நிபந்தனைக்குள் வந்தால் "இயற்கையான பொருள்களால் ஆனது" எனலாம். "100%" என்ற குறியை உணவு லேபிளிலும் விளம்பரத்திலும் தவிர்க்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. அளவிட முடியாத ஒன்றுக்கு விழுக்காடு போடுவது எப்படியும் வெற்றுப் பேச்சுதான், எடுத்துவிடுங்கள்.

"பாரம்பரிய" என்பதற்கு ஒழுங்குமுறையில் ஓர் எல்லைக்கோடு உண்டு: அந்தச் செய்முறையோ அடிப்படைச் சேர்மானமோ 30 ஆண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்திருக்க வேண்டும். கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைக்கும் முறைக்கு அது பொருந்தும். சாக்லேட் சுவையூட்டி கலந்த மாவுக்குப் பொருந்தாது. "வீட்டுமுறை" என்ற சொல், வாடகைக் கட்டடத்தில் இயந்திரத்தில் அரைத்துப் பொட்டலமிடும் மாவைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தரும் என்பதால் நீங்க வேண்டும்.

"ஹெல்த் மிக்ஸ்" என்ற பெயரைப் பற்றித் தனியாக ஒரு சொல். 2024 ஏப்ரலில், மால்ட் கலந்த பான மாவுகளை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின் கீழ் வைக்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அதே ஆணையம் அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். அதே காரணம் "ஹெல்த் மிக்ஸ்"க்கும் பொருந்தும் என்று எண்ணி, "கேழ்வரகுச் சத்துமாவு, நாட்டுச் சர்க்கரை சேர்த்தது" என்று பொருளின் இயல்பைச் சொல்லும் பெயரையே நான் பரிந்துரைப்பேன். வணிகப் பெயரிலேயே "ப்யூர்", "நேச்சுரல்" போன்ற சொல் இருந்து அது மயக்கம் தரக்கூடியதாக இருந்தால், அது வெறும் வணிகப் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற அறிவிப்பை 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் லேபிளில் தர வேண்டும். பெயரைப் பதிவு செய்யும் முன்பே வாசகம் எழுதுபவரைக் கேட்டிருந்தால் இந்தச் சங்கடம் வந்திராது. ஆனால் யாரும் கேட்பதில்லை.

8. பிறர் வாயால் சொல்வது

"மருத்துவர்கள் பரிந்துரைப்பது" என்பதற்கு இடமில்லை. மருத்துவர் பரிந்துரைத்தார், ஒப்புதல் அளித்தார் என்று குறிப்பாகவோ படமாகவோ உணர்த்துவதற்கும் தடை உண்டு. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட நடிகரும் இதில் அடக்கம்.

வாடிக்கையாளர் அனுப்பும் பாராட்டுகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. "ரெண்டு மாசம் குடிச்சேன், சுகர் 240லேர்ந்து 130க்கு வந்துடுச்சு" என்று ஒருவர் குரல் பதிவு அனுப்பினால், அது அவருடைய அனுபவம். அதை நிறுவனத்தின் ஸ்டேட்டஸில் வைத்த நொடியில் அது நிறுவனத்தின் கூற்றாகிறது. மூன்றாம் படியில் நீக்கிய அதே வாக்கியம் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிட்டது. சுவை, கட்டி விழாமல் கரைவது, பொட்டலமிடும் நேர்த்தி ஆகியவற்றைப் பற்றிய பாராட்டுகளை, சொன்னவரின் ஒப்புதலோடு பகிரலாம்.

பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசும் சமூக ஊடகப் பிரபலம் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவர் என்ன பேச வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். எதைப் பேசக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நேரலையில் உற்சாகம் கூடும்போதுதான் "எங்க பாட்டிக்கு மூட்டு வலியே போயிடுச்சு" என்பது வாயில் வந்துவிடுகிறது. தவறான விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

உணவு உரிம எண்ணைக் காட்டி "அரசு அங்கீகாரம் பெற்ற சத்துமாவு" என்று எழுதுவதையும் இந்த வகையிலேயே சேருங்கள். உரிமம் என்பது தொழில் நடத்த அனுமதி. மாவின் சத்துக்கு அரசு தந்த சான்று அல்ல.

9. அடிக்குறிப்பால் எதைச் செய்ய முடியாது

இத்தனைக்கும் பிறகு யாராவது "நீரிழிவு வரியை வைத்துக்கொண்டு, கீழே 'மருத்துவ ஆலோசனை பெறவும்' என்று போட்டுவிடலாமே" என்பார்கள். 2022ஆம் ஆண்டு நெறிகளின்படி அடிக்குறிப்பு ஒரு கூற்றை விளக்கலாம், விரிக்கலாம். அதை மறுக்கவோ, அதன் தவறைத் திருத்தவோ முடியாது. கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், தெளிவாகப் படிக்கும்படி அது இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்தில் கூற்று, ஆங்கிலத்தில் எறும்பளவு எழுத்தில் நிபந்தனை என்ற வழக்கம் இதனால் அடிபட்டுப்போகிறது.

எளிய சோதனை ஒன்று: அடிக்குறிப்பை மூடிவிட்டு வாசகத்தை மட்டும் படியுங்கள். அப்போது அது தவறான எண்ணத்தைத் தந்தால், அடிக்குறிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

10. திருத்திய வாசகம், கோப்பு, பழைய பதிவுகள்

எல்லாச் சோதனைகளையும் தாண்டி மிஞ்சுவதைக் கொண்டு இப்படி எழுதலாம்:

"கேழ்வரகுச் சத்துமாவு, நாட்டுச் சர்க்கரை சேர்த்தது. பாதிக்குப் பாதி கேழ்வரகு. வறுத்து அரைக்கும் பாரம்பரிய முறை. நார்ச்சத்து நிறைந்தது, கால்சியமும் புரதமும் உள்ளன. எலும்பின் நலத்துக்குக் கால்சியம் தேவை. 100 கிராமில் நாட்டுச் சர்க்கரை 32 கிராம். மணக்க மணக்க, கட்டி விழாமல் கரையும்."

வரைவைவிட இது அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் "பாதிக்குப் பாதி கேழ்வரகு" என்பது போட்டியாளர்கள் பலரும் சொல்லத் துணியாத எண். மணத்தையும் கரையும் தன்மையையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுத இடம் இருக்கிறது.

வெளியிடும் முன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதற்கான ஆதாரத்தை எழுதிய ஒரு தாளைக் கோப்பில் வையுங்கள்: "நார்ச்சத்து நிறைந்தது" என்பதற்கு எதிரே அறிக்கை எண், தேதி, 7.1 கிராம், வாசல் 6 கிராம் என்பது போல. விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால் பதில் எழுத இந்தத் தாளே போதும். சேர்மானம் மாறினால் தாளும் செல்லாது. பாதாம் விலை ஏறியதும் உற்பத்தியாளர் ஓசையின்றி அதை 2 கிராமாகக் குறைப்பது நடக்கக்கூடியது. எனவே சேர்மானத்தை மாற்றும் முன் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இரண்டாம் படியில் போட்ட பட்டியலை எடுங்கள். புதிய வாசகம் வந்த பிறகும் பழைய ஃபிளெக்ஸ் மறுவிற்பனையாளர் கடையில் தொங்கும். பழைய படம் விற்பனைத் தளத்தின் நான்காவது பக்கத்தில் கிடக்கும். முகவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் பழைய வாசகத்தையே வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் மாற்றிய தேதியைக் குறித்து, மாற்றிய பக்கத்தின் திரைப்பிடிப்பையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். முகவர்களுக்குப் புதிய வாசகத்தை அனுப்பும்போது, எந்தெந்த வரிகளை இனிப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுதி, பார்த்ததாக ஒரு பதிலையும் வாங்கி வையுங்கள்.